ஆயிரத்தில் 467 போனால்: வேலூர் மாவட்டத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு வணக்கம்.

குடியாத்தம் பக்கத்தில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவள் நான். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நோட்டைத் திறந்தால் ஒரே இடத்தில் தடுக்கி நிற்பதைப் பார்க்கிறேன். 852-இல் 467-ஐக் கழி என்றால் தட்டுத்தடுமாறியாவது போட்டுவிடுகிறார்கள். 1000-இல் 467-ஐக் கழி என்றால் பென்சில் நின்றுவிடுகிறது. அந்த ஒரு கணக்கைப் பற்றி மட்டும்தான் இந்த மடல்.

முதலில், பிள்ளைகள் எழுதும் தப்பான விடைகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். எது தப்பாகப் புரிந்திருக்கிறது என்பதை அந்த விடையே சொல்லிவிடும். 1467 என்று எழுதிய பிள்ளை, 0-இல் 7 போகாது என்றதும் தலைகீழாக 7-இல் 0-ஐக் கழித்திருக்கிறது. மற்ற இடங்களிலும் அப்படியே செய்து, தனியாக நின்ற 1-ஐ இறக்கிவிட்டது. கழித்த பிறகு எண் பெரிதாகிவிட்டதே என்று அதற்குத் தோன்றவில்லை. 643 என்று எழுதிய பிள்ளை வேறு ரகம். அதற்குக் கடன் வாங்கத் தெரியும். ஆனால் மூன்று பூஜ்ஜியத்தையும் 10 ஆக்கிவிட்டது: 10-இல் 7 போனால் 3, 10-இல் 6 போனால் 4, 10-இல் 4 போனால் 6. சரியான விடை 533. இதில் 110 கூடுதல். அதாவது ஒரு நூறும் ஒரு பத்தும், கொடுத்த இடத்தில் குறைக்காமலே விட்டுப்போயிருக்கின்றன. 532 என்று எழுதிய பிள்ளை கிட்டத்தட்ட வந்துவிட்டது. கடைசிப் பூஜ்ஜியத்தையும் 9 ஆக்கிவிட்டது, அவ்வளவுதான். மூன்றுக்கும் ஒரே சிவப்புப் பெருக்கல் குறி போட்டால், மூன்று பிள்ளைக்கும் எங்கே பிசகியது என்று தெரியாமலே போகும்.

இங்கே பிள்ளை ஏன் குழம்புகிறது? "பக்கத்தில் கடன் வாங்கு" என்று சொல்லிப் பழக்கியிருக்கிறோம். பக்கத்தில் பார்த்தால் பூஜ்ஜியம், அதற்குப் பக்கத்திலும் பூஜ்ஜியம். ஆயிரம் இருக்கும் இடம் வரை போய், அங்கே ஒன்றை எடுத்து, ஒவ்வொரு இடமாக உடைத்துக்கொண்டு திரும்பி வரவேண்டும். நடுவில் ஒரு படியை மறந்தாலும் விடை பிசகிவிடும். அதனால் பலர் குறுக்குவழியாக, "பூஜ்ஜியமெல்லாம் ஒன்பது, கடைசிப் பூஜ்ஜியம் பத்து" என்று மனப்பாடம் செய்யவைக்கிறார்கள். 1000-க்கு அது சரியாக வந்துவிடும். எங்கே உதைக்கும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

திணறும் பிள்ளைக்கு நான் காட்டும் வழி பணத்தில் தொடங்குகிறது. ஆயிரம் ரூபாய் நோட்டை 2016-இலேயே செல்லாது என்று அறிவித்துவிட்டதால், இந்தப் பிள்ளைகள் அதைப் பார்த்ததே இல்லை. அதுவும் ஒரு வகையில் வசதிதான். அவர்களுக்கு ஆயிரம் என்றாலே சில்லறையாகத்தான் தெரியும். காகிதத்தை வெட்டி பத்து 100 ரூபாய்த் தாள் செய்யுங்கள். அதில் 7 ரூபாய் கேளுங்கள், கொடுக்க முடியாது. ஒரு நூறை மாற்றச் சொல்லுங்கள்: ஒன்பது நூறு, பத்து 10 ரூபாய்த் தாள். இப்போதும் 7 ரூபாய் இல்லை. ஒரு பத்தை மாற்றச் சொல்லுங்கள்: ஒன்பது நூறு, ஒன்பது பத்து, பத்து ஒரு ரூபாய்க் காசு. இங்கே நிறுத்தி, "மொத்தம் இப்போது எவ்வளவு?" என்று கட்டாயம் கேட்க வேண்டும். பிள்ளை 900, 990, 1000 என்று எண்ணிப் பார்க்கட்டும். பணம் குறையவில்லை, கூடவும் இல்லை என்று அதன் கையே சொல்லும். நடுவில் ஏன் 9, கடைசியில் ஏன் 10 என்பதற்கு விளக்கம் அந்த மேஜை மேலேயே கிடக்கிறது. இனி 7 காசு, 6 பத்து, 4 நூறு எடுத்துவிட்டால் மீதி 5 நூறு, 3 பத்து, 3 காசு.

அப்புறம் நோட்டில். 1000 என்று எழுதி, ஒன்றுகள் இடத்தில் இருக்கும் பூஜ்ஜியத்தை மட்டும் விரலால் மூடச் சொல்லுங்கள். மீதி என்ன தெரிகிறது? 100. அது நூறு ரூபாய் இல்லை, நூறு பத்துகள். ஆயிரம் ரூபாயில் நூறு பத்து ரூபாய்த் தாள் இருக்கிறது என்பது பிள்ளைக்குப் புரியும். நூறு பத்தில் ஒரு பத்தை உடைத்தால் 99 பத்து மிச்சம். அந்த 100-ஐ ஒரே கோடாக அடித்துவிட்டு மேலே 99 என்று எழுதட்டும். விரலை எடுத்து, ஒன்றுகள் இடத்தில் 10 என்று எழுதட்டும். மூன்று இடமாகப் போய்த் திரும்பும் வேலை ஒரே அடியில் முடிந்தது. 10-இல் 7 போனால் 3. 9-இல் 6 போனால் 3. 9-இல் 4 போனால் 5. விடை 533. 5000 என்று வந்தாலும் இதே விரல்தான்: மூடினால் 500 பத்து, ஒன்றை உடைத்தால் 499.

இப்போது அந்த மனப்பாடத்துக்கு வருகிறேன். 1040-இல் 467-ஐக் கழிக்கச் சொல்லிப் பாருங்கள். மனப்பாடம் செய்த பிள்ளை நூறுகள் இடத்துப் பூஜ்ஜியத்தை 9 ஆக்கும், கடைசிப் பூஜ்ஜியத்தை 10 ஆக்கும். நடுவில் இருக்கும் 4-ஐ என்ன செய்வது என்று அந்த வாய்ப்பாட்டில் இல்லை. 14 ஆக்கிக்கொண்டு 583 என்று எழுதும். பத்து கூடுதல், ஏனென்றால் ஒன்றுகளுக்குக் கொடுத்த பத்தை யாரும் குறைக்கவில்லை. விரல் வைக்கும் பிள்ளைக்கு இந்தச் சிக்கல் வராது. ஒன்றுகளை மூடினால் 104 பத்து, ஒன்றை உடைத்தால் 103 பத்து, 10 ஒன்று. 10-இல் 7 போனால் 3. பத்துகள் இடத்தில் 3-இல் 6 போகாது. விரலை ஓர் இடம் தள்ளி அந்த 3-ஐயும் மூடினால் 10 நூறு. ஒன்றை உடைத்தால் 9 நூறு, 13 பத்து. 13-இல் 6 போனால் 7, 9-இல் 4 போனால் 5. விடை 573.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். குடியாத்தம், பேர்ணாம்பட்டுப் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில் கூலியே ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்குதான். அம்மா 467 சுற்றியாகிவிட்டது, ஆயிரத்துக்கு இன்னும் எத்தனை என்றால், அந்த வீட்டுப் பிள்ளை கழிக்காது, ஏறிக்கொண்டே போகும்: 3 சேர்த்தால் 470, இன்னும் 30 சேர்த்தால் 500, அதற்கு மேல் ஒரு 500. ஆக 533. விடைத்தாளில் இப்படி எழுதியிருந்தால் தயவுசெய்து அடித்துவிடாதீர்கள். அதுவும் கழித்தல்தான். மேலும் கீழுமாக எழுதிப் போட்ட கணக்கைச் சரிபார்க்கவும் அதுவே கைகொடுக்கும். 643 என்று எழுதிய பிள்ளையிடம் "467-உடன் 643-ஐக் கூட்டிப் பார்" என்றால் 1110 வரும். தப்பை நீங்கள் சொல்லவே வேண்டாம்.

நூறு வரை இருக்கும் எண்களில் பத்தை உடைத்துப் பழகாத பிள்ளைக்கு இந்த விரல் வித்தையும் பலிக்காது. அந்தப் பிள்ளைக்கு முதலில் 50-இல் 27, பிறகு 300-இல் 127, அதற்குப் பிறகே ஆயிரம். தயாராக இருக்கும் பிள்ளைக்கு 1000, 1003, 1040 மூன்றிலும் 467-ஐக் கழிக்கும் கணக்குகளை ஒரே பக்கத்தில் கொடுங்கள். 533, 536, 573 என்று மூன்றும் வந்தால் அந்தப் பிள்ளைக்குப் புரிந்திருக்கிறது. முதலாவது மட்டும் சரியாக வந்து மூன்றாவது 583 ஆக இருந்தால், மனப்பாடம்தான் நடந்திருக்கிறது. அந்தப் பிள்ளையைக் காகிதத் தாள்களிடம் திரும்பக் கூட்டிவாருங்கள்.