தராசு கொடுத்த அக்காவுக்கு

நேற்று இரவு விமான நிலைய வாசலில், ஒரு பெட்டியைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு முழித்த இரண்டு பேரை நினைவிருக்கிறதா அக்கா? வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பியவள் என் 15 வருடத் தோழி.

நாங்கள் கேட்கவே இல்லை. நீங்களாகவே கைப்பையிலிருந்து கொக்கித் தராசை எடுத்துப் பெட்டியை மாட்டித் தூக்கினீர்கள். 26.4 கிலோ. டிக்கெட்டில் அனுமதி 23. கனமான ஷூவைக் காலில் போடச் சொன்னீர்கள், கோட்டை உடம்பில். ஓரத்தில் கிடந்த பவர் பேங்கைப் பார்த்ததும், "இது கைப்பையில்தான் போகணும். சரக்கு அறையில் பேட்டரி சூடானா யாரும் எட்டிப் பார்க்க முடியாது" என்றீர்கள். அசல் சான்றிதழ்களையும் கைப்பைக்கு மாற்ற வைத்தீர்கள். பெட்டி வந்து சேரத் தாமதமானாலும் முதல் நாள் வேலையில் அவை வேண்டுமே.

அப்புறமும் ஒரு கிலோ கூடுதல். கல்லூரியில் கடைசி பெஞ்சில் இருவரும் மாற்றி மாற்றிக் கிறுக்கிய தடித்த நோட்டை நான் வெளியே எடுத்தேன். நீங்கள் இரண்டு பக்கம் புரட்டிச் சிரித்துவிட்டு, "துண்டு அங்கேயும் கிடைக்கும், இது கிடைக்காது" என்று அதைத் திரும்ப உள்ளே வைத்தீர்கள். துண்டுகள் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டன.

22.6 கிலோ. கையசைத்துவிட்டுப் போய்விட்டீர்கள், பெயர்கூடக் கேட்கவில்லை.

இன்று காலை இறங்கியதும் அவள் அனுப்பிய முதல் படம் அந்த நோட்டுதான். புது மேசையில், திறந்தபடி. ரொம்ப நன்றி அக்கா.