விடுப்புச் செய்திக்குப் பதில் வராதபோது: பொறியியல் மாணவர்களுக்கு ஒரு வகுப்பு ஆலோசகரின் திறந்த மடல்

அன்புள்ள மாணவ, மாணவியருக்கு,

வணக்கம். அண்ணா பல்கலைக்கழகத்தில் இணைந்த கல்லூரி ஒன்றில் பல ஆண்டுகளாக வகுப்பு ஆலோசகராக இருக்கிறேன். உடல்நலம் சரியில்லாத நாளில் காலையில் நீங்கள் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தி, அதற்குப் பதில் வராமல் போவது, அதன்பின் நீங்கள் படும் தவிப்பு ஆகியவற்றைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். காய்ச்சலோடு படுத்திருக்கும் பிள்ளை, நீலக் குறி விழுந்ததா என்று மணிக்கொரு முறை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அது தேவையே இல்லாத வருத்தம்.

முதலில் பதில் ஏன் வருவதில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். "வணக்கம் சார், காய்ச்சலாக இருக்கிறது, இன்று வர முடியவில்லை" என்ற செய்தியில் கேள்வி எதுவும் இல்லை. படிப்பவர் அதைத் தகவலாக எடுத்துக்கொண்டு முதல் பாடவேளைக்குக் கிளம்பிவிடுவார். ஒரு வகுப்பில் அறுபது பேர் இருந்தால், மழைக்காலத்தில் ஒரே காலையில் இப்படி ஏழெட்டுச் செய்திகள் வரும். அன்றைக்கே தேர்வறைக் கண்காணிப்போ விடைத்தாள் திருத்தும் முகாமோ இருந்தால், கைப்பேசியை மாலையில்தான் திறப்பார். மௌனத்துக்குக் கோபம் என்ற பொருள் மிக அரிதாகவே உண்டு.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். "சரி" என்று பதில் வந்தாலும் உங்கள் வருகைப்பதிவு மாறாது. கல்லூரிப் பணியாக வெளியே செல்லும்போது கிடைக்கும் ஓ.டி. வேறு. காய்ச்சலுக்கு எடுக்கும் விடுப்பு, முன்கூட்டிச் சொல்லியிருந்தாலும், பதிவில் ஆப்சென்ட்தான். ஆகவே பதில் கிடைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்து அதற்காகவே துரத்துவதில் பயனில்லை. உங்களுக்கு உண்மையில் வேண்டியவை வேறு: தவறிய இன்டர்னல் தேர்வுக்கு மறுதேர்வு, விட்டுப்போன ஆய்வகப் பயிற்சியை முடிக்க ஒரு நாள், மருத்துவச் சான்றிதழ் துறைக் கோப்பில் சேர்வது. இரண்டாவது செய்தி இவற்றில் ஒன்றைப் பற்றியதாக இருந்தால் அது நச்சரிப்பாகத் தோன்றாது. "சார், என் மெசேஜைப் பார்த்தீர்களா?" என்பது மட்டும் இருந்தால், எவ்வளவு பணிவாக எழுதினாலும் அது நச்சரிப்புதான்.

அதை எழுதுவதற்கு முன் உங்கள் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். பதற்றத்தில் பாதி அங்கேயே அடங்கிவிடும். 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி தேர்வெழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். மருத்துவக் காரணத்தாலோ விளையாட்டுப் போட்டிகளாலோ 65க்கும் 75க்கும் இடையில் இருப்பவர்கள், சான்றிதழைக் கல்லூரித் தலைமையிடம் கொடுத்து அனுமதி பெறலாம். தன்னாட்சிக் கல்லூரிகளில் விதி சற்று மாறலாம், உங்கள் கையேட்டைப் பாருங்கள். இப்போது 75 வேலைநாட்கள் கொண்ட ஒரு பருவத்தை எடுத்துக்கொள்வோம். 50 நாட்கள் முடிந்திருக்கின்றன, நீங்கள் 40 நாட்கள் வந்திருக்கிறீர்கள். அதாவது 80 விழுக்காடு. இந்த வாரம் ஐந்து நாட்களும் விட்டுப்போனால் 55க்கு 40, ஏறக்குறைய 73 விழுக்காடு. திரையில் 75க்குக் கீழே எண்ணைக் கண்டதும் மனம் கலங்கும். ஆனால் மீதமுள்ள 20 நாட்களும் வந்துவிட்டால் 75க்கு 60, மீண்டும் 80 விழுக்காடு. இந்த நிலையில் இருக்கும் மாணவர் ஆசிரியரிடம் வருகையைப் பற்றி எதையுமே கேட்க வேண்டியதில்லை. முன்பே பல நாட்கள் விட்டவருக்குக் கணக்கு வேறு. அவர் சான்றிதழைச் சேர்ப்பதில் முனைப்பாக இருக்க வேண்டும்.

இனி ஒரு வாரத்தை முழுதாக எடுத்துக்கொள்கிறேன். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் திங்கள் காலை ஏழரை மணிக்குக் காய்ச்சல் என்று செய்தி அனுப்புகிறார். பதில் இல்லை. அன்று அவர் மீண்டும் எழுத வேண்டாம், ஏனென்றால் சொல்லப் புதிதாக எதுவும் இல்லை. செவ்வாய்க்கிழமை இரத்தப் பரிசோதனையில் டெங்கு என்று உறுதியாகிறது, மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். வியாழக்கிழமை இன்டர்னல் தேர்வு. இப்போது ஆசிரியருக்குத் தெரியவேண்டிய செய்தி புதிதாக வந்திருக்கிறது. செவ்வாய் மாலை ஐந்து மணியளவில், வகுப்புகள் முடிந்து ஆசிரியர்கள் கைப்பேசியைப் பார்க்கும் நேரத்தில், திங்கட்கிழமைச் செய்தியை மேற்கோளாக இணைத்து அவர் இப்படி எழுதலாம்:

"வணக்கம் சார். மூன்றாம் ஆண்டு, பி பிரிவு, (பெயர், பதிவெண்). நேற்று தெரிவித்த காய்ச்சல் டெங்கு என்று உறுதியாகியிருக்கிறது. மருத்துவமனையில் இருக்கிறேன், வெள்ளி வரை ஓய்வு சொல்லியிருக்கிறார்கள். அதனால் வியாழன் தேர்வை எழுத முடியாது. திங்கட்கிழமை வரும்போது பெற்றோர் கையெழுத்திட்ட கடிதத்தையும் மருத்துவச் சான்றிதழையும் மறுதேர்வு விண்ணப்பத்தையும் உங்களிடம் தருகிறேன். வேறு யாரிடமாவது கொடுக்க வேண்டுமென்றால் சொல்லுங்கள் சார். நன்றி."

இதில் நான் மிகவும் மதிப்பது கடைசிக்கு முந்தைய இரண்டு வாக்கியங்களை. என்ன செய்யப்போகிறேன் என்று மாணவியே சொல்லிவிட்டார். ஆசிரியர் பதில் எழுதினால் நல்லது, எழுதாவிட்டாலும் எந்த வேலையும் நிற்காது. "நான் என்ன செய்ய வேண்டும் சார்?" என்று கேட்டிருந்தால், பதில் வரும்வரை அவரும் காத்திருக்க வேண்டும், யோசித்துப் பதில் எழுதும் சுமையும் ஆசிரியர் தலையில் விழும். அவசரமாக இருக்கும் ஆசிரியர் அப்படிப்பட்ட கேள்வியைத்தான் "பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிவைப்பார், பிறகு மறந்தும்விடுவார்.

பெயரும் பதிவெண்ணும் கட்டாயம் இருக்கட்டும். எல்லா மாணவர்களின் எண்களையும் நாங்கள் சேமித்து வைத்திருப்பதில்லை. உடம்பு முடியாத நேரத்தில் பலர் அம்மாவின் கைப்பேசியிலிருந்தோ அண்ணனின் கைப்பேசியிலிருந்தோ அனுப்புகிறார்கள். யார் என்று தெரியாததாலேயே பதில் பெறாத செய்திகள் நிறைய உண்டு.

எழுதக் கூடாதவை சில. "தொந்தரவுக்கு மன்னிக்கவும்" என்பதை மூன்று இடத்தில் போடாதீர்கள். ஓரிடத்தில்கூடத் தேவையில்லை, ஏனென்றால் நோயைத் தெரிவிப்பது தொந்தரவு அல்ல. எத்தனை முறை வாந்தி எடுத்தீர்கள், என்ன மாத்திரை போட்டீர்கள் என்ற விவரமும் வேண்டாம். நம்பமாட்டார்களோ என்ற அச்சத்தில்தான் அவற்றை எழுதுகிறீர்கள், அந்த அச்சம் படிப்பவருக்கும் தெரிகிறது. வெறும் கேள்விக்குறிகளை அனுப்பாதீர்கள். அனுப்பியதை அழித்துவிட்டு மீண்டும் அனுப்பாதீர்கள், அழித்த தடயம் திரையில் நிற்கும், என்னவோ ஏதோ என்று ஆசிரியரும் குழம்புவார். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எல்லோர் முன்னிலையிலும் "சார், என் செய்தியைப் பாருங்கள்" என்று போடுவது அவரைக் கூண்டில் ஏற்றுவது போலாகும்.

நம் மாணவியின் கதைக்குத் திரும்புகிறேன். செவ்வாய்ச் செய்திக்கும் பதில் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாட்களும் அவர் ஓய்வெடுக்கட்டும். ஞாயிறு மாலை ஒரே வரி போதும்: "நாளை கல்லூரிக்கு வருகிறேன் சார். காலை இடைவேளையில் கடிதத்தோடு உங்கள் அறைக்கு வருகிறேன்." முந்தைய செய்திகளுக்குப் பதில் வராததைப் பற்றி ஒரு சொல்கூட வேண்டாம். "இருமுறை தெரிவித்தும்" என்று தொடங்கும் வாக்கியம் அலுவலகப் புகார்க் கடிதத்துக்கு உரியது.

திங்கட்கிழமை நேரில் போகும்போது கடிதத்தின் ஒரு நகலைக் கையில் வைத்திருங்கள், அதில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தைக் கேளுங்கள். தயங்க வேண்டாம், இது அலுவலக நடைமுறை, எந்த ஆசிரியரும் தவறாக எண்ணமாட்டார். வருகையும் இன்டர்னல் மதிப்பெண்ணும் பருவத்தில் குறிப்பிட்ட தேதிகளுக்குள் பல்கலைக்கழக இணையதளத்தில் ஏற்றப்படுகின்றன. அந்தத் தேதி கடந்தபின் திருத்துவது மிகக் கடினம். ஆகவே மறுதேர்வைப் பற்றி நினைவூட்ட வேண்டிய நேரம் உங்கள் பதற்றத்தைப் பொறுத்தது அல்ல, அந்தத் தேதியைப் பொறுத்தது. அது என்றைக்கு என்று துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு, "மறுதேர்வு எந்த நாளில் என்று சொன்னால் தயாராகிக்கொள்கிறேன் சார்" என்று பாட ஆசிரியரிடம் நேரில் கேளுங்கள்.

இவ்வளவு பொறுமையும் பொருந்தாத ஓர் இடம் உண்டு. பல்கலைக்கழகச் செய்முறைத் தேர்வன்று உடல்நலம் கெட்டால் செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். வெளித்தேர்வாளர் வேறு கல்லூரியிலிருந்து வருகிறார். அவர் அங்கே இருக்கும் நேரத்துக்குள்தான் வேறு அணியோடு உங்களைச் சேர்க்க முடியுமா என்று பார்க்க இயலும். அன்று தொலைபேசியில் அழையுங்கள், எடுக்காவிட்டால் துறை அலுவலகத்துக்கு அழையுங்கள், உங்கள் பெற்றோரும் அழைக்கட்டும். அந்த நாளில் எத்தனை முறை அழைத்தாலும் அது நச்சரிப்பு ஆகாது.

என் சக ஆலோசகர்களில் யாரேனும் இதைப் படித்தால் அவர்களிடமும் ஒரு வேண்டுகோள். "பார்த்தேன், உடம்பைக் கவனித்துக்கொள், கடிதத்தோடு வா" என்று எழுத அரை நிமிடம்தான் ஆகும். வீட்டை விட்டு விடுதியில் தனியாகப் படுத்திருக்கும் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது உங்களுக்கே தெரியும்.

மாணவர்களே, கடிதத்தை நேரில் கொடுத்த பின்னும் ஒன்றும் நடக்காமல் மதிப்பெண் ஏற்றும் தேதி நெருங்கிவிட்டால் துறைத் தலைவரிடம் போவதில் தவறில்லை. ஆனால் போவதற்கு முன் ஆலோசகரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்: "வெள்ளிக்கிழமையோடு பதிவு முடிகிறது சார், துறைத் தலைவரைப் பார்த்து மறுதேர்வுக்கு அனுமதி கேட்கட்டுமா?" பெரும்பாலும் அவரே எழுந்து உங்களோடு வருவார். வராவிட்டாலும், கையெழுத்தான நகலை மேசையில் வைத்து, யார் மீதும் குறை சொல்லாமல், இன்ன தேதியில் சான்றிதழ் கொடுத்தேன், இன்ன பாடத்துக்கு மறுதேர்வு வேண்டும் என்று மட்டும் துறைத் தலைவரிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் வகுப்பு ஆலோசகர்களில் ஒருவன்