கூட்டு வேலைக்கு எப்படி மார்க் போடுவது?

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குத் தேர்வு நல்லபடியாக முடிந்ததில் எனக்கும் நிம்மதி. என் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, மாடி ஏறி இறங்குகிறேன்.

மாணவர்கள் எடுக்கும் குழு வீடியோவுக்கு மார்க் போட நான் வைத்திருக்கும் ரூப்ரிக்கை, அதாவது எதற்கு எவ்வளவு மார்க் என்ற அட்டவணையை, அனுப்பச் சொல்லியிருந்தாய். வெறும் அட்டவணையை அனுப்பினால் உனக்கு உதவாது. அது ஏன் இப்படி ஆனது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கதைக்கு 12, ஒலிக்கு 10, படத்துக்கு 8, கூட்டு வேலைக்கு 10, ஆக மொத்தம் 40. முதல் வருடம் ஒவ்வொன்றுக்கும் "மிக நன்று, நன்று, சுமார்" என்றுதான் எழுதியிருந்தேன். ஒரே வீடியோவுக்கு நான் 31 போட்டேன், உடன் வேலை பார்க்கும் ஆசிரியர் 22 போட்டார். அவருடைய "நன்று" வேறு, என்னுடைய "நன்று" வேறு. அதன் பிறகு, பார்த்தோ கேட்டோ உறுதி செய்துகொள்ள முடிகிறதை மட்டுமே எழுதுவது என்று வைத்துக்கொண்டேன்.

கதைக்கு ஒரு எளிய சோதனை. படம் பிடிக்கப் போகும் முன் குழுவினர் "எங்கள் வீடியோ சொல்வது இதுதான்" என்று ஒரே வாக்கியத்தில் எழுதி என்னிடம் கொடுத்துவிட வேண்டும். நான் அதைப் பிரிக்காமல் வீடியோவைப் பார்த்து, எனக்குப் புரிந்ததை ஒரு வாக்கியமாக எழுதுகிறேன். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். எவ்வளவு விலகியிருக்கிறதோ அவ்வளவு மார்க் குறையும்.

ஒலிக்கு, முதல் ஒரு நிமிடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறேன். ஹெட்போன் போடுவதில்லை, சாதாரண ஸ்பீக்கரில்தான். பேச்சில் ஒரு வார்த்தைகூட தப்பாமல் கேட்டால் மேல்நிலை. பின்னணி இசை பேச்சை விழுங்கினாலோ, காற்று மைக்கில் மோதிப் படபடத்தாலோ கீழே இறங்கும். இன்னொன்றையும் கவனி. ஒவ்வொரு வெட்டிலும் அறையின் இரைச்சல் திடீரென்று மாறும். ஃபேன் சத்தம் இருக்கும், அடுத்த ஷாட்டில் இருக்காது. கண் திறந்திருக்கும்போது இது நம் கவனத்துக்கு வராது, மூடினால் உடனே உறுத்தும். அந்த அறையின் வெறும் சத்தத்தை அரை நிமிடம் தனியாகப் பதிவு செய்து, வெட்டுகளுக்கு அடியில் ஓடவிட்டால் சரியாகிவிடும். இதைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிக் கொடுத்துவிடு.

படத்துக்கு ஆட்டம், ஃபோகஸ், முகத்தில் வெளிச்சம், இந்த மூன்றும் போதும். நல்ல கேமரா வைத்திருப்பதற்கு மார்க் கிடையாது.

என்னை ரொம்பப் பாடுபடுத்தியது கூட்டு வேலைதான். கடைசியில் கைக்கு வரும் வீடியோவில் அது தெரியாதே! அதனால் பிள்ளைகளையே ஒருவரையொருவர் மதிப்பிடச் சொன்னேன். நாலு பேர் குழு என்றால், ஆளுக்கு 30 புள்ளி. தன்னை விட்டுவிட்டு மற்ற மூவருக்கும் பங்கிட வேண்டும். எல்லோரும் சமமாக உழைத்திருந்தால் ஒவ்வொருவருக்கும் மொத்தம் 30 வரும். ஒரு குழுவில் 33, 33, 30, 24 என்று வந்தது. அந்தக் குழுவின் கூட்டு வேலைக்கு நான் போட்டிருந்தது 8. 24 வாங்கிய பையனுக்கு 8-ஐ 24-ஆல் பெருக்கி 30-ஆல் வகுத்தால் 6.4. 33 வாங்கியவர்களுக்கு 8.8. அப்படியே பதிந்துவிட இருந்தேன்.

நல்லவேளை, அதற்கு முன்பு நால்வரையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். வீடியோவை ஓடவிட்டு நடுவில் நிறுத்தி, "இந்த இடத்தில் ஏன் வெட்டினீர்கள்?" என்று கேட்டேன். மூன்று பேரும் அந்தப் பையனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் மெதுவான குரலில், "அடுத்த ஷாட்டில் அவ குரல் உடைஞ்சிருந்துச்சு சார், அதான் கையைக் காட்டற ஷாட்டை மேல போட்டு மறைச்சேன்" என்றான். எடிட்டிங் முழுக்க அவன் ஒருவனே வீட்டில் உட்கார்ந்து செய்திருக்கிறான். படப்பிடிப்பு நடந்த இரண்டு நாளில் ஒரு நாள் அவன் வரவில்லை. மற்றவர்கள் கண்ணில் பட்டது அந்த ஒரு நாள் மட்டும்தான். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது டா. அதே முறையில் அதற்கு முன்பு எத்தனை பேருக்குக் குறைத்துப் போட்டேனோ!

இப்போது மூன்று மாற்றங்கள் செய்திருக்கிறேன். யார், எந்த நாள், என்ன செய்தார்கள் என்று குழு ஒரு வேலைக் குறிப்பு எழுத வேண்டும். புள்ளி பங்கிடும்போது அந்தக் குறிப்பு எல்லோர் முன்னாலும் இருக்கும். பங்கீட்டைப் பாதி வேலையில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை வாங்குகிறேன். முதல் முறை வருவதற்கு மார்க் இல்லை, பேசித் தீர்த்துக்கொள்ளத்தான். 27-க்குக் கீழே யாருக்காவது வந்தால், நேரில் பேசாமல் குறைப்பதே இல்லை. எல்லோரும் பேசிவைத்துக்கொண்டு பத்துப் பத்தாகக் கொடுத்துவிட்டால் இந்த முறை எதையும் காட்டாது. அப்போதும் கைகொடுப்பது "ஏன் இங்கே வெட்டினீர்கள்?" என்ற கேள்விதான்.

அட்டவணையோடு ஒரு குழுவின் வீடியோவையும் அனுப்புகிறேன், மாணவர்களிடம் கேட்டுவிட்டேன். என் மார்க்கைச் சொல்ல மாட்டேன். நீ தனியாகப் போட்டு எழுது. ஒலியில் நமக்குள் இரண்டு மார்க்குக்கு மேல் வித்தியாசம் வந்தால், அந்தப் பகுதியின் வாசகத்தை நான் மறுபடி திருத்த வேண்டியிருக்கும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்