அபராதம் கட்டினால் தீர்வது எது, தீராதது எது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழ் சட்டக் கேள்வி-பதில் பகுதியில், இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி அண்ணன் தம்பிகள் கையெழுத்திட்ட பாகப்பிரிவினைப் பத்திரம் ‘செல்லாது’ என்று ஒரே வரியில் பதில் வந்திருந்தது. அதைப் படித்து யாரும் அசலைக் கிழித்துப் போட்டுவிடக் கூடாதே என்ற கவலையில் எழுதுகிறேன்.

1899-ஆம் ஆண்டு இந்திய முத்திரைச் சட்டத்தின் 35-ஆவது பிரிவு, முத்திரைத் தீர்வை குறைவாகக் கட்டிய பத்திரத்தைச் சாட்சியமாக ஏற்காதே என்றுதான் நீதிமன்றத்துக்குச் சொல்கிறது. பத்திரமே ஒழிந்துபோனது என்று அது சொல்லவில்லை. குறைந்த தீர்வையையும் அபராதத்தையும் கட்டிவிட்டால் இந்தத் தடை நீங்கிவிடும்.

எங்கே கட்டுவது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். குறைவு 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நீதிமன்றத்திலேயே கட்டி உடனே சாட்சிய ஆவணமாகக் குறியீடு செய்யக் கேட்டால் அபராதம் பத்து மடங்கு, அதாவது 50,000. தீர்வையோடு சேர்த்து 55,000 ரூபாய். இதைக் குறைக்க நீதிபதிக்கு அதிகாரம் இல்லை. அதற்குப் பதிலாக, பத்திரத்தை ‘இம்பவுண்ட்’ செய்து, அதாவது நீதிமன்றமே பிடித்துவைத்து, 38(2) பிரிவின்படி கலெக்டருக்கு அனுப்புமாறு மனுச் செய்யலாம். 40-ஆவது பிரிவில் பத்து மடங்கு என்பது உச்சவரம்பு மட்டுமே. அதற்குக் கீழே எவ்வளவு விதிப்பது என்பது கலெக்டரின் முடிவு. பணம் கட்டியதும் பத்திரத்திலேயே சான்று எழுதித் தருவார். கொஞ்சம் காலம் பிடிக்கும், ஆனால் பெரும்பாலானவர்களுக்கு இந்த வழிதான் கட்டுப்படியாகும்.

இதற்கெல்லாம் அசல் கையில் இருக்க வேண்டும். ஜெராக்ஸ் நகலுக்கு அபராதம் கட்டிச் சரிசெய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2007-இல் ஹரிஓம் அகர்வால் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இன்னொன்று: அபராதம் தீர்வைக் குறையை மட்டுமே தீர்க்கும். பதிவு செய்யாத குறை அப்படியே நிற்கும். சொத்தையே பிரித்துக் கொடுக்கும் பத்திரம் பதிவாகாமல் இருந்தால், அபராதத்துக்குப் பிறகும் அதை வைத்து உரிமையை நிரூபிக்க முடியாது. அவரவர் எந்த வகையில் அனுபவித்து வருகிறார்கள் என்பது போன்ற துணை நோக்கத்துக்குக் காட்டலாம். அபராதமும் கட்டாவிட்டால் அந்தத் துணை நோக்கத்துக்கும் உதவாது. அவினாஷ் குமார் சௌஹான் வழக்கில் (2008) உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அப்படித்தான்.

எதிர்த்தரப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆட்சேபணையைப் பத்திரம் குறியீடாகும் நேரத்திலேயே சொல்லிவிட வேண்டும். சாட்சியமாக ஏற்கப்பட்டுவிட்டால், 36-ஆவது பிரிவின்படி அதே வழக்கில் தீர்வைக் குறையைப் பிறகு கிளப்ப முடியாது.

கேள்வி கேட்ட வாசகரின் பத்திரம் எழுதி இன்னும் ஓராண்டு ஆகவில்லை என்றால் அவர் வழக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். தாமாகவே கலெக்டரிடம் கொண்டுபோய், தவறுதலாலோ அவசரத்தாலோ நேர்ந்தது என்று அவர் மனம் ஏற்கும்படி விளக்கினால், 41-ஆவது பிரிவின்படி அபராதமின்றிக் குறைவுத் தீர்வையை மட்டும் வாங்கிக்கொள்ளக் கலெக்டருக்கு அதிகாரம் உண்டு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்