வாடகைப் பத்திரம் படித்துவிட்டேன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும், கூடவே வேளச்சேரி வீட்டு ஒப்பந்தத்தின் நகலும் கிடைத்தன. அம்மா நலம்தான். கண் ஆபரேஷனுக்குப் பிறகு மறுபடி பேப்பர் படிக்க ஆரம்பித்துவிட்டாள், எங்களுக்குத்தான் பேப்பர் கிடைப்பதில்லை. சரி, பாப்பா அந்த வீட்டுக்குக் குடிபோகும் விஷயத்துக்கு வருகிறேன். நடுவில் மாற்றல் வந்து காலி செய்தால் கையை விட்டு எவ்வளவு போகும் என்று கேட்டிருந்தாய்.

பத்திரத்தை நான் படிக்கும் முறை ஒன்றுதான். ஒவ்வொரு ஷரத்துக்குப் பக்கத்திலும் பென்சிலால் யார், என்ன, எந்தத் தேதிக்குள், தவறினால் என்ன என்று எழுதுவேன். இதில் எது காலியாக நிற்கிறதோ அங்கேதான் பின்னால் சண்டை வரும்.

வாடகை 18,000, மாதாமாதம் 5-ம் தேதிக்குள், வங்கிக் கணக்கில். தெளிவாக இருக்கிறது. காலம் ஜூன் 1 முதல் ஏப்ரல் 30 வரை, 11 மாதம். நீட்டித்தால் வாடகை பத்து சதவீதம் கூடும், அதாவது மே மாதத்திலிருந்து 19,800. ஆனால் நீட்டிப்பதை யார் எப்போது சொல்ல வேண்டும் என்று இல்லை. மார்ச் மாதத்துக்குள் இருவரும் எழுத்தில் சொல்லிக்கொள்வதாக ஒரு வரி சேர்க்கச் சொல்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் 3-ம் ஷரத்தையும் 9-ம் ஷரத்தையும் சேர்த்துப் படித்தால்தான் கிடைக்கும். 3-ன்படி ஆறு மாதம் லாக்-இன். நவம்பர் 30-க்கு முன் காலி செய்தால் மீதி மாத வாடகையைக் கட்டியாக வேண்டும். 9-ன்படி யார் விலகினாலும் இரண்டு மாதம் முன்பே எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். இரண்டும் தனித்தனியாகப் பார்த்தால் சரி. சேர்த்துப் பார்த்தால்தான் இடிக்கிறது. பாப்பாவுக்கு செப்டம்பர் கடைசியில் பெங்களூருக்கு மாற்றல் வருகிறது, 30-ம் தேதியே நோட்டீஸ் கொடுக்கிறாள் என்று வை. இரண்டு மாதம் நவம்பர் 30-ல் முடிகிறது, லாக்-இன்னும் அன்றே முடிகிறது. கூடுதலாக ஒரு பைசா கிடையாது. ஆனால் "லாக்-இன் முடிந்த பிறகுதான் நோட்டீஸே கொடுக்கலாம்" என்று வீட்டுக்காரர் பிடிவாதம் பிடித்தால், டிசம்பரில் ஆரம்பித்து ஜனவரி 31 வரை வாடகை ஓடும். வித்தியாசம் 36,000 ரூபாய். பத்திரம் இரண்டில் எதையும் மறுக்கவில்லை. "லாக்-இன் காலத்துக்குள்ளும் நோட்டீஸ் தரலாம்" என்று ஒரு வரி போட்டுவிட்டால் தீர்ந்தது.

இன்னொன்று, லாக்-இன் பாப்பாவை மட்டும்தான் கட்டுகிறது. வீட்டுக்காரரையும் அதில் சேர்க்கச் சொல். நியாயமானவர் மறுக்கமாட்டார்.

அட்வான்ஸ் ஒரு லட்சம். 2017 வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைதான் வரம்பு என்கிறது, இங்கே அது 54,000. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அதற்கும் இடம் விடுகிறது, அதனால் இதைப் பேசித்தான் குறைக்க வேண்டும். தொகையைவிட எனக்கு உறுத்துவது 11-ம் ஷரத்து: "அடுத்த வாடகைதாரர் வந்தபின் அட்வான்ஸ் திருப்பித் தரப்படும்". பென்சிலை வைத்துப் பார், தேதியே கிடையாது. வீடு ஆறு மாதம் பூட்டிக் கிடந்தால் பணமும் பூட்டியே கிடக்கும். பாக்கியைக் கழித்துக்கொண்டு, காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்பதுதான் சட்டம். அதையே எழுதச் சொல்.

கழிப்பது எதற்கெல்லாம் என்பதில் பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை என்று போட்டிருக்கிறார். சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதும் வீட்டுக்காரர் வேலை. குழாய் வாஷர், சுவிட்ச், கழுவுதொட்டி ரிப்பேர் எல்லாம் வாடகைக்கு இருப்பவர் தலையில். பதினோரு மாதத்தில் சுவர் எவ்வளவு அழுக்காகிவிடும்? கேட்டுப் பார்க்கட்டும். சென்னையில் இது வழக்கமாகிவிட்டது என்பதால் முழுதாக விடுவார் என்று நான் நம்பவில்லை, பாதியாவது குறையும்.

மின் கட்டணம் மீட்டர்படி என்று மட்டும் இருக்கிறது. ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுப்பதால் பழைய ஆளின் யூனிட்டும் முதல் பில்லில் வந்து விழும். சாவி வாங்கும் அன்றே மீட்டரைப் படம் எடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல். காலி செய்யும் நாளிலும் அப்படியே. கடைசி பில் அவள் போன பிறகுதான் வரும், அட்வான்ஸிலிருந்து அந்தத் தொகையை மட்டும் பிடித்துக்கொள்ளட்டும்.

11 மாதம்தானே, பதிவு எதற்கு என்று தரகர் சொல்லுவார். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அது சரி. ஆனால் வாடகை அதிகாரியிடம் பதிவது வேறு, அதற்கு 11 மாதம் விலக்கு இல்லை. tenancy.tn.gov.in தளத்தில் அதைச் செய்யலாம்.

திருத்தங்களைப் பென்சிலில் நகலிலேயே எழுதித் தபாலில் அனுப்பியிருக்கிறேன். முத்திரைத்தாளில் அடிப்பதற்கு முன் கைக்கு வந்துவிடும். வந்ததும் ஒரு போன் போடு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்