ராத்திரியில் ஓடும் மீட்டர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

எந்தக் குழாயும் சொட்டவில்லை, ஆனாலும் தண்ணீர் பில் ஏறிக்கொண்டே போகிறது என்று எழுதியிருந்தாய். சுவரை உடைக்க ஆள் கூப்பிட்டுவிடாதே. முதலில் இரண்டு ராத்திரி மீட்டரைக் கவனி.

போன வருஷம் நம் வீட்டிலும் இதே கதைதான். எல்லோரும் படுத்தபின் இரவு 11 மணிக்கு மீட்டரைப் பார்த்தேன்: 482.316. புள்ளிக்கு முன்னால் இருப்பது கன மீட்டர், பின்னால் வரும் மூன்று சிவப்பு இலக்கங்கள் லிட்டர். முகப்பில் ஒரு குட்டி நட்சத்திரச் சக்கரம் உண்டு, லேசாகத் தண்ணீர் போனாலும் சுற்றும். அது அசையாமல் நின்றது. கசிவே இல்லை என்று நிம்மதியாகப் படுத்துவிட்டேன். காலை 6 மணிக்கு, யாரும் குழாயைத் தொடுவதற்குள் போய்ப் பார்த்தால் 482.358! தூங்கும் வீட்டில் ஏழு மணி நேரத்தில் 42 லிட்டர். மணிக்கு 6 லிட்டர், அப்படியென்றால் ஒரு நாளைக்கு 144.

நட்சத்திரம் ஏன் ஏமாற்றியது? மறுநாள் இரவு என் பழைய போனை மீட்டருக்கு எதிரே நிறுத்தி, விளக்கு ஒன்றைப் போட்டு, நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்க விட்டேன். காலையில் படங்களைத் தள்ளிப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. இருபது நிமிடம் எண் அப்படியே நிற்கிறது. அப்புறம் சட்டென்று 2 லிட்டர் ஏறுகிறது. மறுபடி இருபது நிமிடம் சும்மா. சுவருக்குள் குழாய் கசிந்தால் இப்படி மூச்சு வாங்காது, விடாமல் ஒரே சீராக ஓடும். விட்டு விட்டு ஓடினால் எதுவோ காலியாகி நிரம்புகிறது என்று அர்த்தம். வேறென்ன, ஃப்ளஷ் டேங்க்தான்.

டேங்கில் கொஞ்சம் கேசரிப் பவுடர் கரைத்துவிட்டு, ஃப்ளஷ் செய்யாமல் அரை மணி நேரம் காத்திருந்தேன். கோப்பைக்குள் மஞ்சள் இறங்கியிருந்தது. அடி ரப்பர் விறைத்துப்போய், உட்காரும் இடத்தில் உப்பும் படிந்திருந்தது. சுரண்டிவிட்டு ரப்பரை மாற்றினேன். அன்றிரவு மீட்டர் ஒரு லிட்டர்கூட நகரவில்லை.

அதற்காக, மீட்டர் நின்றால் எல்லாம் சரி என்று நினைத்துவிடாதே. மிக மெல்லிய சொட்டுக்கு மீட்டரின் சக்கரம் அசையவே அசையாது. உன் வீட்டில் மாடித் தொட்டி இருந்தால், தொட்டிக்குக் கீழே உள்ள கசிவும் உடனே தெரியாது. மட்டம் இறங்கி மிதவை வால்வு திறக்கும்போதுதான் மீட்டர் ஓடும், அதுவும் விட்டு விட்டுத்தான் தெரியும். அதனால் தொட்டி நிரம்பியதும் உள்ளே வரும் வால்வை மூடிவிட்டு, மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு வை. மீட்டரை ஒரு பக்கம், கோட்டை ஒரு பக்கம் பார்த்தால் கசிவு எந்தப் பாதியில் என்று தெரிந்துவிடும்.

நடுராத்திரி பாத்ரூம் போனால் நேரத்தைக் குறித்துக்கொள், அதையும் கசிவுக் கணக்கில் சேர்த்துவிடாதே. இரண்டு எண்களையும் எனக்கு அனுப்பு.

அப்பா