வாளி வேண்டாம், வண்டிச் சுற்றைப் பிரியுங்கள்: எங்கள் 4 தெருக்களிலிருந்து உள்ளாட்சி மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மன்றத் தலைவர், உறுப்பினர்கள், சுகாதாரப் பிரிவு அலுவலர்கள் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் 4 தெருக்களில் இருக்கும் 180 வீடுகளின் குப்பையைத் தரம் பிரித்துச் சேகரிக்க 12 வாரச் சோதனை முயற்சி ஒன்றுக்கு அனுமதி கேட்டு இதை எழுதுகிறோம். விண்ணப்பத்தையும் விலைப்பட்டியலையும் முறைப்படி அலுவலகத்தில் கொடுத்துவிட்டோம். அந்தத் தாள்களில் சொல்ல இடமில்லாதவற்றை எல்லோரும் படிக்கும்படி இங்கே சொல்கிறோம்.

முதலில் பழைய கதை. சில ஆண்டுகளுக்கு முன் வீட்டுக்கு இரண்டு வாளிகள் கொடுக்கப்பட்டன. நானும் ஒழுங்காகக் காய்கறித் தோலை ஒன்றிலும் காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் மற்றதிலும் போட்டு வந்தேன். ஒருநாள் காலை வண்டிக்குப் பின்னாலேயே தெருமுனை வரை நடக்க நேர்ந்தது. என் இரண்டு வாளிகளும் ஒரே தொட்டியில் கவிழ்வதைக் கண்ணால் பார்த்தேன். கேட்டதற்குத் தூய்மைப் பணியாளர் கோபப்படவில்லை. “வண்டியில ஒரே தொட்டிதான் சார் இருக்கு. நான் எங்க கொண்டுபோய்த் தனியாப் போடுறது?” என்றார். அந்த வாரமே தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. இன்று அந்த வாளிகளில் பாதி, செடிக்குத் தண்ணீர் ஊற்றப் பயன்படுகின்றன.

அதனால்தான் எங்கள் கோரிக்கையில் வாளியே கிடையாது. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் எந்தப் பாத்திரமும் போதும். குப்பை கலப்பது பெரும்பாலும் வீட்டில்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். எங்கள் அனுபவத்தில் அது வண்டியில்தான் கலக்கிறது. வண்டியில் கலப்பதை ஒருமுறை பார்த்துவிட்டால், அப்புறம் எந்தத் துண்டறிக்கை கொடுத்தாலும் வீட்டிலும் கலந்துவிடும்.

மன்றம் செலவு செய்ய வேண்டியது எதற்கு என்று பார்ப்போம். போன மாதம் பணியாளர்களின் சம்மதத்தோடு 7 நாள் எடை போட்டோம். நாளொன்றுக்குச் சராசரியாக 216 கிலோ வந்தது. அதில் மக்கும் குப்பை 118 கிலோ, காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம் போன்ற உலர்குப்பை 70 கிலோ, டயப்பர், நாப்கின், பெருக்கிய தூசி என்று மிச்சம் 28 கிலோ. எடையைப் பார்த்தால் மக்கும் குப்பைதான் பெரிது. வண்டியில் இடத்தை அடைப்பது உலர்குப்பை. வெறும் பாட்டிலும் அட்டைப்பெட்டியும் காற்றைத்தான் சுமக்கின்றன. அது நாறாது, வீட்டில் மூன்று நான்கு நாள் கிடந்தாலும் தொல்லையில்லை. எனவே மக்கும் குப்பை தினமும், உலர்குப்பை வாரத்தில் இரண்டு நாள் தனிச் சுற்றில். மிச்சக் குப்பையைத் தாளில் சுற்றித் தனியே கொடுத்தால், வண்டியின் ஓரத்தில் கட்டிய மூடி போட்ட டிரம்மில் போகும். இந்த நாள் பிரிப்பால், தினசரிச் சுற்றில் வண்டியில் பெரிய தொட்டி ஒன்றே இருந்தாலும் கலக்க வழியில்லாமல் போகிறது.

அடுத்தது நேரம். இதைத்தான் எல்லாத் திட்டங்களும் விட்டுவிடுகின்றன. கலந்த குப்பையை வாங்கிக் கவிழ்க்க ஒரு வாசலில் 20 விநாடி போதும். வாளிக்குள் பார்த்து, கலந்திருந்தால் சீட்டு ஒட்டி, சுற்றிய பொட்டலத்தைத் தனியே வாங்க 40 விநாடியாகிறது. 20 விநாடி என்ன பெரிதா என்று தோன்றும். 180 வாசலுக்குக் கணக்கிட்டால் நாளுக்கு ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்கு யாரும் கூலி தரவில்லையென்றால் பணியாளர் அதை மிச்சப்படுத்த ஒரே வழிதான் உண்டு: பார்க்காமல் கவிழ்ப்பது. வாரத்துக்கு இந்த 7 மணி நேரம், உலர்குப்பைச் சுற்றுக்கு 3 மணி நேரம், மக்கும் குப்பையை உரமாக்கும் இடத்தில் நாளுக்கு 2 மணி வீதம் 14 மணி நேரம், ஆக 24 மணி நேரக் கூடுதல் உழைப்பு. செலவில் பெரும்பங்கு இதுதான். உரக் கூண்டு, தராசு, தார்ப்பாய், வெப்பமானி எல்லாம் ஒருமுறைச் செலவு. பட்டியலைக் குறைக்கச் சொன்னால் அவற்றில் குறையுங்கள், இந்த மணி நேரத்தில் கை வைக்காதீர்கள்.

உரத்துக்கு மன்றத்தின் வெற்று மனையில் சுமார் 60 சதுர மீட்டர் கேட்கிறோம். 118 கிலோ மக்கும் குப்பை ஏறத்தாழ கால் கன மீட்டருக்குச் சற்று மேல் வரும். அதே அளவு காய்ந்த சருகும் சேர்க்க வேண்டும். இரண்டு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரமுள்ள கம்பிவலைக் கூண்டு ஒன்று இந்தக் கணக்கில் ஒரு வாரத்தில் நிரம்பும். நிரம்பியதை ஆறு வாரம் விட வேண்டும். ஆகவே 7 கூண்டுகள். எட்டாவது வாரம் முதல் கூண்டைக் காலி செய்து மறுபடி தொடங்கலாம்.

நாற்றம் வரும் என்று அந்த மனையை ஒட்டி இருப்பவர்கள் பயப்படுவது நியாயம். நாற்றத்துக்குக் காரணம் உண்டு, அதை மூக்கே சொல்லிவிடும். அழுகிய முட்டை வாடை அடித்தால் ஈரம் மிகுந்து காற்று போகவில்லை என்று அர்த்தம். கிளறிச் சருகு போட வேண்டும். கண்ணைக் கரிக்கும் அமோனியா நெடி என்றால் பச்சைக் குப்பை அதிகம், சருகு குறைவு. ஒரு கைப்பிடி அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது. குவியலின் நடுவில் 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் தொடர்ந்து மூன்று நாளாவது ஏறினால்தான் கிருமிகள் சாகும். தினசரி வெப்பநிலையை ஒரு பலகையில் எழுதித் தெருவைப் பார்க்க மாட்டி வைப்போம். சருகைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். மன்றம் தெருக்களில் கூட்டி எரித்தோ கொட்டியோ விடும் சருகை அந்த மனையில் கொட்டினாலே போதும், தனிச் செலவில்லை.

இனி, உங்கள் கணக்குப் பிரிவு கட்டாயம் கேட்கப்போகும் கேள்வி: இதனால் என்ன மிச்சம்? நேராகவே சொல்கிறோம், சோதனைக் காலத்தில் மிச்சமாகாமலும் போகலாம். குப்பைக் கிடங்கில் நீங்கள் கட்டும் கட்டணம் எடைக்கா, நடைக்கா என்பதைப் பொறுத்தது அது. எடைக்கு என்றால், பிரித்துச் சேகரிக்கும் முதல் நாளிலிருந்தே 118 கிலோவுக்கான பணம் குறையும். லாரி நடைக்கு என்றால், 2 டன் ஏற்றும் லாரி எங்கள் 118 கிலோ இல்லாவிட்டாலும் கிளம்பத்தான் செய்யும். ஒரு நடை குறைய எங்களைப் போல 17 குடியிருப்புகள் சேர வேண்டும். ஆகவே பன்னிரண்டாவது வாரம் செலவு மட்டும் தெரிந்து வரவு தெரியவில்லையே என்று கோப்பை மூடிவிடாதீர்கள். இந்த முயற்சி சோதிப்பது, வீடுகள் பிரிக்குமா, வண்டி பிரித்ததைக் கலக்காமல் கொண்டுபோகுமா என்ற இரண்டை மட்டும். உலர்குப்பையை விற்கும் காசையும் வரவில் எழுதவில்லை. விலை ஏறும் இறங்கும். அதைப் பணியாளர்களே பங்கிட்டுக்கொள்ளட்டும் என்பது எங்கள் எண்ணம். மன்றம் ஒப்பினால் நல்லது.

காலம் இப்படி: முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் எடை மட்டும். மூன்றாம் வாரம் வீடு வீடாகப் போவது. அப்போது வீட்டுக்காரரிடம் மட்டும் பேசித் திரும்ப மாட்டோம். குப்பையைக் கையில் எடுத்து வெளியே வைப்பவர் வேலைக்கு வருபவராகவோ பள்ளிப் பிள்ளையாகவோ இருக்கலாம். அவரிடம்தான் பேச வேண்டும். நான்காம் வாரம் முதல் 9 வாரம் பிரித்துச் சேகரிப்பு.

அளப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. மக்கும் குப்பையில் கலப்படம் எத்தனை சதவீதம் என்று எடையில் மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். 118 கிலோவில் 3 கிலோ பிளாஸ்டிக் உறை என்றால் மூன்று சதவீதத்துக்கும் குறைவு, தாளில் அழகாக இருக்கும். மூன்று கிலோ உறை என்பது நூற்றுக்கணக்கான உறைகள். கிளறும்போது அத்தனையும் கிழிந்து உரம் முழுக்கப் பரவும், சலித்தாலும் போகாது. எனவே வாரம் ஒருநாள், எந்த நாள் என்று முன்கூட்டிச் சொல்லாமல், குலுக்கலில் 20 வீட்டு வாளிகளைத் தார்ப்பாயில் தனித்தனியே கொட்டி, எத்தனை வாளி சுத்தம் என்று எண்ணுவோம். கடைசி மூன்று வார எண்ணிக்கையிலும் 20க்கு 14 தேறினால் அடுத்த தெருக்களுக்கு விரிக்கலாம். 10க்குக் கீழே போனால் நாங்களே நிறுத்தச் சொல்லுவோம். நடுவில் நின்றால் இன்னும் 6 வாரம். இந்த எல்லைகளை இப்போதே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம். முடிவு வந்தபின் எல்லை வகுத்தால், அவரவர் வசதிக்கு நகர்த்துவோம்.

பொறுப்புகளில் தகராறு வரும் இடம் ஒன்றுதான்: கலந்து வைத்த வாளியை என்ன செய்வது? எடுக்காமல் விட்டுப் போனால் இரவில் அது தெருமுனையில் கிடக்கும். எடுத்தால் எவரும் பிரிக்க மாட்டார்கள். எங்கள் யோசனை, பணியாளர் அதை மிச்சக் குப்பையாக எடுத்துக்கொண்டு வாசலில் சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டுப் போகட்டும், ஒரு வார்த்தை பேச வேண்டாம். அன்று மாலை எங்கள் குழுவில் ஒருவர் அந்த வீட்டுக்குப் போவார். மூன்றாம் முறை சீட்டு விழுந்தால் மன்றத்திலிருந்து கடிதம் வர வேண்டும். வாசலில் சண்டை போடும் வேலையைக் கூலிக்கு வரும் மனிதர் தலையில் கட்டுவது சரியல்ல, கட்டினால் நடக்கவும் செய்யாது. தெருவுக்கு இருவர் வீதம் எட்டுப் பேர் பெயர் கொடுத்திருக்கிறோம். ஒருவர் ஊர் மாறினால் இரண்டாமவர் பார்த்துக்கொள்வார். ஊசியைக் கெட்டியான பாட்டிலில் அடைத்து மூடித் தருவதும், பேட்டரியைக் குப்பையிலேயே போடாமல் அதற்கென நாங்கள் வைக்கும் பெட்டியில் சேர்ப்பதும் வீடுகளின் பொறுப்பு. நசுங்கிய பேட்டரி வண்டியிலேயே தீப்பிடிக்கலாம்.

மன்றத்திடம் எழுத்தில் கேட்பது மூன்று: அந்த 24 மணி நேரக் கூலி, 60 சதுர மீட்டர் இடம், 12 வாரமும் இதே வண்டி, இதே பணியாளர்கள். ஆளை மாற்றினால் வாசலில் பழகிய பழக்கமும் அவரோடு போய்விடும். அடுத்த கூட்டத்தில் இதை எடுக்கும்போது எங்கள் தெருப் பணியாளர்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசுங்கள். 40 விநாடிக் கணக்கு சரியா தவறா என்று அவர்கள் சொல்லட்டும். கடிகாரம் வைத்து அளந்தது நாங்கள், வாளி தூக்கியது அவர்கள்.

இப்படிக்கு,
நான்கு தெருக் குடியிருப்போர் குழுவுக்காக,
உங்கள் வாக்காளர் ஒருவர்